ஆளுக்கொரு பூட்டு, ஆளுக்கொரு காத்திருப்பு

கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலைச் செயல்முறை என்பார்கள். அது வேலை செய்ய நினைவகம், கோப்பு, அச்சுப்பொறி, தரவுத்தளத்தில் ஒரு பதிவு என்று ஏதாவது ஒரு வளம் தேவைப்படும். ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே தரக்கூடிய வளத்தை ஒரு செயல்முறை பிடித்து வைத்திருந்தால், அதைக் கேட்டு வரும் இன்னொன்று காத்திருக்கத்தான் வேண்டும். அதில் கோளாறு ஏதுமில்லை. பிடித்திருந்தது வேலையை முடித்து வளத்தை விட்டதும், காத்திருந்தது எடுத்துக்கொள்ளும். காத்திருப்பு வட்டமடிக்கும்போதுதான் சிக்கல். முதலாவது இரண்டாவதற்காகவும், இரண்டாவது மூன்றாவதற்காகவும், மூன்றாவது மறுபடி முதலாவதற்காகவும் நின்றுவிட்டால், வெளியிலிருந்து யாராவது தலையிடும்வரை மூன்றும் நகராது. நிரலாளர்கள் டெட்லாக் என்று சொல்லும் முட்டுக்கட்டை இதுதான்.

முட்டுக்கட்டையில் விழுந்த செயல்முறை தானாகக் குரல் கொடுப்பதில்லை. பிழைச்செய்தி வராது, நிரல் உடைந்து விழாது. அந்தச் செயல்முறைகள் செயலியைத் துளியும் பயன்படுத்தாமல் சும்மா கிடக்கும். நீளமான வேலைக்காகக் காத்திருப்பதும் முட்டுக்கட்டையில் கிடப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதை வைத்துச் சந்தேகப்படலாமே தவிர, உறுதி சொல்ல முடியாது. யாரிடம் எது இருக்கிறது, யார் எதைக் கேட்டு நிற்கிறார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடையை ஒரே படத்தில் வரைந்து பார்த்தால் உறுதி கிடைக்கும். காஃப்மன், எல்ஃபிக், ஷொஷானி ஆகிய மூவர் 1971இல் வெளியிட்ட கட்டுரை முட்டுக்கட்டைக்குத் தேவையான நான்கு நிபந்தனைகளை வகுத்தது. வளத்தைப் பகிர முடியாமை, ஒன்றைப் பிடித்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்பது, பிடித்ததைப் பிடுங்க முடியாமை, வட்டக் காத்திருப்பு என்பவை அவை. அடுத்த ஆண்டு ரிச்சர்ட் ஹோல்ட் இந்த நிலையைக் கோட்டுருவாக வரைந்து, எப்படிப்பட்ட படம் முட்டுக்கட்டையைக் காட்டும் என்பதைக் கணித முறையில் நிறுவினார்.

படம் வரைய இரண்டு வடிவங்கள் போதும். செயல்முறைக்கு ஒரு வட்டம், வளத்துக்கு ஒரு சதுரம். ஒரே வகை வளத்தில் பல பிரதிகள் இருந்தால் சதுரத்துக்குள் அத்தனை புள்ளிகள் வைக்கப்படும். செயல்முறையிலிருந்து வளத்துக்குப் போகும் அம்பு ‘இது வேண்டும் என்று கேட்டு நிற்கிறது’ என்று பொருள்படும். வளத்திலிருந்து செயல்முறைக்கு வரும் அம்பு ‘இது இவரிடம் இருக்கிறது’ என்று சொல்லும். கேட்ட வளம் கிடைத்ததும் முதல் அம்பு அழிந்து, அதே இடத்தில் எதிர்த்திசையில் இரண்டாவது வகை அம்பு முளைக்கும். வேலை முடிந்து வளம் திரும்பும்போது அதுவும் மறையும். அம்புகளின் திசை தவறினால் படம் முழுக்கப் பொய்யாகிவிடும். மாணவர்கள் விடைத்தாளில் அதிகம் சறுக்குவதும் அங்கேதான்.

ஒரு வங்கியின் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு 101இலிருந்து 205க்கு 500 ரூபாய் மாற்றும் பரிவர்த்தனை இப்படி இருக்கும்:

```
BEGIN;
UPDATE accounts SET balance = balance - 500 WHERE id = 101;
UPDATE accounts SET balance = balance + 500 WHERE id = 205;
COMMIT;
```

முதல் `UPDATE` ஓடியதுமே 101இன் பதிவு பூட்டப்படும். `COMMIT` வரும்வரை அந்தப் பூட்டு திறக்காது. இதே கணத்தில் வேறு இரண்டு பேர் பணம் அனுப்புகிறார்கள். ஒருவர் 205இலிருந்து 309க்கு, இன்னொருவர் 309இலிருந்து 101க்கு. மூன்று பரிவர்த்தனைகளையும் ப1, ப2, ப3 என்று அழைப்போம். மூன்றும் முதல் வரியை முடித்துவிட்டன. ப1 கையில் 101, ப2 கையில் 205, ப3 கையில் 309. இனி ஒவ்வொன்றும் இரண்டாவது வரிக்குப் போகும்போது, தனக்கு வேண்டிய பதிவு இன்னொருவரிடம் இருப்பதைக் காண்கிறது. இதற்கிடையில் ப4 என்று நான்காவது ஒன்று, கையில் எதுவும் இல்லாமல், 101இன் இருப்பை மாற்ற வந்து நிற்கிறது.

அம்புகளைத் தொடர்ந்து நடந்து பார்ப்பதே கண்டறியும் முறை. ப4இல் தொடங்கினால் அது 101ஐக் கேட்கிறது. 101 ப1இடம் இருக்கிறது. ப1 கேட்பது 205, அது ப2இடம். ப2 கேட்பது 309, அது ப3இடம். ப3 கேட்பது 101. இந்தப் பாதையில் 101ஐ ஏற்கெனவே தாண்டி வந்திருக்கிறோம். நடந்துகொண்டிருக்கும் பாதையிலேயே உள்ள ஒரு முனைக்கு மறுபடி வந்து சேர்ந்ததால் சுற்று இருப்பது உறுதி. 101 முதல் மீண்டும் 101 வரை உள்ள பகுதிதான் அந்தச் சுற்று. ப1, ப2, ப3 மூன்றும் அதில் இருக்கின்றன.

ப4 அதில் இல்லை. ப4இலிருந்து சுற்றுக்குள் போக அம்பு உண்டு. சுற்றிலிருந்து ப4க்கு வர அம்பு கிடையாது. அதுவும் நகர முடியாமல்தான் நிற்கிறது. ஆனால் அதைக் கொன்றால் எந்தப் பூட்டும் திறக்காது, ஏனென்றால் அதன் கையில் எதுவுமே இல்லை. ஒரு கணினி திணறும்போது நிர்வாகி கண்ணில் முதலில் படுவது பெரும்பாலும் ப4 போன்றவைதான். சுற்றில் இருப்பவை மூன்றே என்றாலும், அவற்றின் வால் பிடித்து நூறு பேர் நிற்கக்கூடும். நூறில் ஒன்றிரண்டை நிறுத்திப் பார்த்து ‘பயனில்லை’ என்று கைவிடுவது இதனால்தான் நடக்கிறது.

மேற்சொன்ன படத்தில் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரே அம்புதான் வெளியேறியது. அதனால் நடை எளிதாக இருந்தது. பாதை கிளை பிரியும்போது ஒரு கவனம் தேவை. படிப்பதற்கு மட்டும் போடும் பகிர்வுப் பூட்டை ஒரே பதிவின்மீது பலர் வைத்திருக்கலாம். அந்தப் பதிவை மாற்ற வருபவர் அத்தனை பேரும் விலகும்வரை காத்திருக்க வேண்டும். ப5 அப்படி வந்து நிற்கிறது. பூட்டு ப6, ப7 இருவரிடமும் இருக்கிறது. அவர்கள் இருவரும் ப8 வைத்திருக்கும் வேறொரு பதிவுக்காக நிற்கிறார்கள். ப8 எதற்கும் காத்திராமல் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ப5, ப6, ப8 என்று நடந்தால் பாதை முடிந்துவிடுகிறது. திரும்பி வந்து ப7 வழியாக நடந்தால் மறுபடியும் ப8. ஏற்கெனவே பார்த்த முனைதான், ஆனாலும் இது சுற்று அல்ல. ‘முன்பு பார்த்தது’ என்ற ஒரே குறியை வைத்துக்கொண்டு நிரல் எழுதினால், இல்லாத முட்டுக்கட்டையை அது அறிவித்துவிடும்.

இதற்கு மூன்று நிறங்கள் வைத்துக்கொள்வது வழக்கம். இன்னும் தொடாத முனை வெள்ளை. நடந்துகொண்டிருக்கும் பாதையில் உள்ளது சாம்பல். அதிலிருந்து போகும் எல்லா அம்புகளையும் பார்த்து முடித்தாயிற்று என்றால் கறுப்பு. சாம்பல் முனையை மறுபடி தொட்டால் மட்டுமே சுற்று. ப8 முதல் நடையிலேயே கறுப்பாகிவிட்டதால் இரண்டாவது முறை அதைத் தொட்டுவிட்டுக் கவலையின்றித் திரும்பலாம். ஆழம்வழித் தேடல் எனப்படும் இந்த முறை ஒவ்வொரு முனையையும் அம்பையும் ஒருமுறைதான் பார்க்கிறது. ஆகவே படம் பெரிதாகும் அளவுக்கே வேலையும் கூடும்.

நடைமுறையில் தரவுத்தளங்கள் சதுரங்களைப் படத்திலிருந்து நீக்கிவிடுகின்றன. ப1 கேட்கும் 205 ப2இடம் இருக்கிறது என்பதை ‘ப1 ப2க்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரே அம்பாகச் சுருக்கிவிடலாம். இதற்குக் காத்திருப்புக் கோட்டுரு என்று பெயர். சுற்று இருந்தால் சுருக்கிய படத்திலும் அது அப்படியே தெரியும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இந்தச் சோதனையை ஒவ்வொரு காத்திருப்பின்போதும் உடனே செய்வதில்லை. பெரும்பாலான காத்திருப்புகள் தாமாகவே தீர்ந்துவிடும் என்பதால் `deadlock_timeout` என்ற அளவு வரை பொறுத்துப் பார்க்கும். இயல்பாக அது 1 நொடி. அதற்குள் பூட்டு கிடைக்காவிட்டால், காத்திருக்கும் செயல்முறையே எழுந்து தன்னிலிருந்து அம்புகளைத் தொடர்ந்து நடக்கும். நடை தன்னிடமே திரும்பி வந்தால் முட்டுக்கட்டை. வேறொரு சுற்றில் போய் மாட்டினால் ‘இது என் முட்டுக்கட்டை அல்ல’ என்று மீண்டும் தூங்கப் போய்விடும். ப4 சோதித்துப் பார்த்தாலும் தன்னை நிறுத்திக்கொள்ளாமல் இருப்பது இந்த விதியால்தான். சுற்றில் இருப்பவை தம் முறை வரும்போது தாமே பார்த்துக்கொள்ளும் என்பது அதன் கணக்கு.

ஒரு காத்திருப்புக்கு ஒரே ஒரு சோதனைதான். ப1 சோதித்த பிறகு ப3 தன் கோரிக்கையை வைத்துச் சுற்றை மூடினால் என்ன ஆகும் என்ற கேள்வி எழலாம். சுற்று மூட வேண்டுமானால் யாராவது ஒருவர் புதிதாகக் காத்திருக்கத் தொடங்கியிருக்க வேண்டும். அவருடைய 1 நொடி அதற்குப் பிறகுதான் முடியும். ஆகவே கடைசி அம்பை வரைந்தவரின் சோதனையில் அது தப்பாது. நம் கதையில் மூவரின் இரண்டாவது வரியும் 1 நொடிக்குள் அடுத்தடுத்து வந்தன என்று கொண்டால், முதலில் காத்திருக்கத் தொடங்கிய ப1 முதலில் எழுந்து சுற்றைக் கண்டுபிடிக்கும். அப்போது வரும் செய்தி இப்படி இருக்கும்:

```
ERROR:  deadlock detected
DETAIL:  Process 4101 waits for ShareLock on transaction 7712; blocked by process 4102.
Process 4102 waits for ShareLock on transaction 7713; blocked by process 4103.
Process 4103 waits for ShareLock on transaction 7711; blocked by process 4101.
HINT:  See server log for query details.
```

இங்கே 4101, 4102, 4103 என்பவை ப1, ப2, ப3இன் செயல்முறை எண்கள். ஒவ்வொரு வரியும் ஓர் அம்பு. ஒரு வரியின் முடிவில் உள்ள எண் அடுத்த வரியின் தொடக்கமாகிறது. கடைசி வரி முதல் எண்ணில் போய் முடிகிறது. பதிவின் பெயர் இல்லாமல் `transaction` என்று வருவதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸில் பூட்டிய பதிவுக்காக நிற்பவர் உண்மையில் அதைப் பூட்டிய பரிவர்த்தனை முடிவதற்காகவே காத்திருக்கிறார். எந்தக் கட்டளைகள் மோதின என்ற விவரம் சேவையகத்தின் பதிவேட்டில் கிடைக்கும்.

கண்டுபிடித்த ப1 தன்னையே பலியாகக் கொடுக்கிறது. அதன் பரிவர்த்தனை ரத்தாகி, 101இலிருந்து கழித்த 500 ரூபாய் பழையபடி ஆகிறது. 101இன் பூட்டு திறக்கிறது. ப3 101ஐப் பெற்று முடிக்கிறது, 309 விடுபடுகிறது. ப2 அதைப் பெற்று முடிக்கிறது. ரத்தான ப1ஐ மறுபடி ஓட்டுவது செயலியை எழுதியவரின் பொறுப்பு. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி வேறு வழியில் போகிறது. அது சுற்றில் உள்ளவற்றில் குறைவான பதிவுகளை மாற்றிய சிறிய பரிவர்த்தனையைப் பலியாகத் தேர்ந்தெடுக்க முயலும். செய்த வேலை வீணாவது அதில் குறைவு என்பதால் அது நியாயமான ஏற்பாடாகவே தோன்றுகிறது.

இதுவரை பார்த்ததெல்லாம் ஒரு வளத்துக்கு ஒரே பிரதி என்ற நிலை. அங்கே சுற்று இருந்தால் முட்டுக்கட்டை, இல்லாவிட்டால் இல்லை, இரண்டும் ஒன்றே. ஒரே வகை வளத்தில் பல பிரதிகள் இருந்து, அவற்றில் எந்த ஒன்று கிடைத்தாலும் போதும் என்றால், இந்தச் சமன்பாடு உடைகிறது. அங்கே சுற்று வெறும் சந்தேகம்தான்.

ஓர் இணையச் சேவையகத்தில் தரவுத்தள இணைப்புகள் இரண்டே இரண்டு என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு கோப்புப் பூட்டும் உண்டு. ப1இடம் ஓர் இணைப்பு இருக்கிறது, அது கோப்புப் பூட்டைக் கேட்கிறது. ப2இடம் கோப்புப் பூட்டு இருக்கிறது, அது ஓர் இணைப்பைக் கேட்கிறது. ப3இடம் மற்றோர் இணைப்பு இருக்கிறது, அது எதையும் கேட்கவில்லை. அம்புகளைத் தொடர்ந்தால் ப1, கோப்பு, ப2, இணைப்புகள், மறுபடி ப1 என்று அழகான சுற்று கிடைக்கிறது. ஆனாலும் முட்டுக்கட்டை இல்லை. இணைப்புகளின் சதுரத்திலிருந்து ப3க்கும் ஓர் அம்பு போகிறது. ப3 முடித்து இணைப்பைத் திருப்பித் தந்தால் ப2 அதை எடுத்துக்கொள்ளும், பிறகு கோப்பை விடும், ப1 தொடரும். முன்பு பார்த்த பகிர்வுப் பூட்டிலும் ஒரே சதுரத்திலிருந்து பல அம்புகள் கிளம்பின. ஆனால் அங்கே வந்தவர் எல்லோரும் விலகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே யாராவது ஒருவர் விலகினால் போதும். இந்த ஒரு வேறுபாடுதான் விடையை மாற்றுகிறது.

இந்த நிலையில் உண்மையை அறிய ஹோல்ட் காட்டிய வழி, படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துப் பார்ப்பது. இப்போது கையிருப்பில் உள்ள பிரதிகளைக் கொண்டே தன் கோரிக்கைகள் முழுவதும் நிறைவேறக்கூடிய ஒரு செயல்முறையைத் தேட வேண்டும். கிடைத்தால், அது வேலையை முடித்துவிட்டதாகக் கொண்டு அதன் அம்புகளையெல்லாம் அழித்து, அதன் கையிலிருந்த பிரதிகளைக் கையிருப்பில் சேர்க்க வேண்டும். பிறகு மறுபடி தேட வேண்டும். மேலே உள்ள படத்தில் கையிருப்பு இணைப்பு 0, கோப்பு 0. ப3 எதையும் கேட்கவில்லை, ஆகவே அதை அழிக்கலாம். இணைப்பு 1 ஆகிறது. ப2 கேட்பது ஓர் இணைப்பு, அது இருக்கிறது. அதையும் அழித்தால் இணைப்பு 1, கோப்பு 1. ப1 கேட்பது கோப்பு, அதுவும் அழிகிறது. எல்லா அம்புகளும் போய்விட்டால் முட்டுக்கட்டை இல்லை. அழிக்க முடியாமல் ஏதாவது மிஞ்சினால் மிஞ்சியவை முட்டுக்கட்டையில் இருக்கின்றன. எந்த வரிசையில் அழித்தாலும் கடைசியில் மிஞ்சுவது ஒன்றே என்பதையும் ஹோல்ட் நிறுவியிருக்கிறார். அதனால் தவறான ஒன்றை முதலில் எடுத்துவிட்டோமோ என்று பின்வாங்கிப் பார்க்கத் தேவையில்லை.

இதே படத்தில் ப3உம் தன் வேலைக்கு நடுவே கோப்புப் பூட்டைக் கேட்டுவிட்டால் ஒரே ஓர் அம்புதான் கூடுகிறது. இப்போது கையிருப்பு இரண்டும் 0. மூன்று செயல்முறைகளும் ஏதோ ஒன்றைக் கேட்டு நிற்கின்றன. முதல் அடியிலேயே அழிப்பு நின்றுவிடுகிறது. இம்முறை முட்டுக்கட்டை உண்மை. படத்தில் எந்த முனையிலிருந்து எப்படி நடந்தாலும் இந்தக் கூட்டத்தை விட்டு வெளியேற வழியில்லை என்பதை இங்கே கவனிக்கலாம். இப்படிப்பட்ட கூட்டத்தை ஹோல்ட் முடிச்சு என்று அழைத்தார். கொடுக்க முடிந்த கோரிக்கைகளெல்லாம் கொடுத்தாகிவிட்டன, ஒவ்வொரு செயல்முறையும் ஒரு நேரத்தில் ஒரு பிரதியை மட்டுமே கேட்டு நிற்கிறது என்றால், முடிச்சு இருந்தால் முட்டுக்கட்டை, இல்லையென்றால் இல்லை. முந்தைய படத்தில் சுற்று இருந்தும் ப3 என்ற வெளிவழி இருந்ததால் முடிச்சு இல்லை.

இந்த இரண்டு படங்களுக்கும் இடையில் சில நொடிகள்கூட இல்லாமல் இருக்கலாம். முதல் படத்தை வைத்துச் சோதித்தவர் ‘முட்டுக்கட்டை இல்லை’ என்றது தவறல்ல. ப3 இனி எதையும் கேட்காமல் முடித்துவிடும் என்ற நல்லெண்ணத்தில்தான் அழிப்பு முறை நடக்கிறது. அது இந்தக் கணத்தைப் பற்றி மட்டுமே தீர்ப்புச் சொல்லும். எனவே சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும். எவ்வளவு அடிக்கடி என்பதுதான் எப்போதும் இழுபறி. இன்னோடிபி காத்திருப்பு தொடங்கும்போதே சுற்றைத் தேடுகிறது. ஆயிரக்கணக்கான இணைப்புகள் ஒரே பதிவுக்காக முண்டியடிக்கும் இடங்களில் அந்தத் தேடலே சுமையாகிவிடுவதால், அதை நிறுத்திவிட `innodb_deadlock_detect` என்ற அமைப்பு வைத்திருக்கிறார்கள். நிறுத்தினால் `innodb_lock_wait_timeout` மட்டுமே துணை. அதன் இயல்பளவு 50 நொடி. முட்டுக்கட்டையா, வெறும் தாமதமா என்று அது பிரித்துப் பார்க்காது.

படத்தில் இல்லாத அம்பை எந்த முறையாலும் பார்க்க முடியாது. ஒரு நிரல் தன் நினைவகத்துக்குள் ஒரு பூட்டைப் போட்டுக்கொண்டு தரவுத்தளப் பதிவுக்காக நிற்கிறது. அந்தப் பதிவைப் பிடித்திருக்கும் இன்னொரு இழை அதே நினைவகப் பூட்டுக்காக நிற்கிறது. சுற்றின் பாதி தரவுத்தளத்தில், பாதி நிரலில். தரவுத்தளத்தின் கண்ணுக்கு முதல் அம்பு மட்டுமே தெரியும். இரண்டாவது இழை பூட்டை வைத்துக்கொண்டு அடுத்த கட்டளை அனுப்பாமல் சும்மா இருப்பதாகத்தான் அது பார்க்கும். போஸ்ட்கிரெஸில் அந்த இணைப்பின் நிலை `idle in transaction` என்று காட்டும். பதிவேட்டில் `deadlock detected` வராமல் காத்திருப்பு மட்டும் நீண்டு, இந்த நிலையில் ஓர் இணைப்பும் கிடந்தால், மீதி அம்பை நிரலுக்குள் தேட வேண்டும்.

பல கணினிகளில் பரந்து கிடக்கும் தரவுத்தளங்களில் இதற்கு நேர்மாறான சிக்கல் உண்டு. அங்கே இல்லாத அம்பு படத்தில் இருக்கும். ஒவ்வொரு கணினியும் தன் அம்புகளை ஒரு மையத்துக்கு அனுப்புகிறது. முதல் கணினியில் ப1 ப2க்காக நிற்கிறது. ப2 அந்தப் பூட்டை விட்டுவிட்டு, இரண்டாவது கணினியில் ப1 வைத்திருக்கும் ஒன்றைக் கேட்கிறது. ‘ப2 ப1க்காக நிற்கிறது’ என்ற செய்தி முந்திக்கொண்டு, ‘பழைய அம்பு போய்விட்டது’ என்ற செய்தி பிந்தினால், மையத்தின் படத்தில் ஒரு சுற்று தோன்றும். இதைப் பேய் முட்டுக்கட்டை என்பார்கள். அதை நம்பி ஒரு பரிவர்த்தனையைப் பலி கொடுத்தால் அது வீண் பலி. ஆனால் ஒரு பூட்டை விட்ட பிறகு புதிதாக எதையும் பூட்டக்கூடாது என்ற இருகட்டப் பூட்டு விதியைப் பின்பற்றும் தரவுத்தளங்களில் ப2 இப்படி நடந்துகொள்ளவே முடியாது. அங்கே பேய்ச் சுற்று தோன்ற வேண்டுமானால், சுற்றில் இருந்த ஒரு பரிவர்த்தனை வேறு காரணத்தால் இடையில் ரத்தாகி, அந்தச் செய்தி மையத்துக்கு இன்னும் வந்து சேராமல் இருக்க வேண்டும்.